தேர்வுப் பதற்றத் திட்டம்: நீங்கள் நடத்தியதில் இன்னும் உறுத்துவது எது?

கல்லூரி ஆலோசகர், திருச்சி
செமஸ்டர் முடிஞ்ச மறுநாள், தேர்வுப் பதற்றத்தை அளக்கிற வெஸ்ட்சைடு படிவத்தைத் திரும்ப நிரப்பி வாங்கினோம். 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, கூட்டி 10-ஆல் வகுத்தா சராசரி. அக்டோபர்ல சராசரி 3.8 இருந்த குழு 2.6-க்கு வந்திருந்தது. அறிக்கையில முதல்வர் கையெழுத்தும் வாங்கியாச்சு. அப்புறம் ஒரு பேராசிரியை, பெயர் கொடுத்துட்டு ஒரு அமர்வுக்குக்கூட வராத 9 பேரோட படிவங்களைக் கொண்டுவந்து மேஜைமேல வெச்சாங்க. அவங்க சராசரி 2.7. நாங்க அளந்தது பயிற்சியோட பலனையா, பரீட்சை முடிஞ்ச நிம்மதியையா?

உளவியல் ஆய்வாளர், சென்னை
இரண்டும் கலந்து போயிருக்கு மேடம், இன்னொன்றும் சேர்ந்திருக்கு. படிவத்தில் 3-க்கு மேல் எடுத்தவர்களை மட்டும் குழுவுக்குப் பொறுக்கினால், அன்றைக்கு மனசு சரியில்லாமல் கூடுதலாகக் குறித்தவர்களும் அதில் வந்துவிடுவார்கள். அடுத்த முறை அவர்கள் எண் தானாகவே இறங்கும்.

24 பேர் தேறினால் சீட்டுக் குலுக்கி 12 பேருக்கு இந்த செமஸ்டர், மீதி 12 பேருக்கு அடுத்த செமஸ்டர் என்று பிரியுங்கள். இரு குழுவுக்கும் ஒரே நாளில் படிவம் கொடுக்க வேண்டும்: முதல் அமர்வுக்கு முன் ஒரு தடவை, ஹால் டிக்கெட் கொடுக்கும் வாரத்தில், முதல் பரீட்சைக்கு முன்னாலேயே, இன்னொரு தடவை. இரு குழுக்களும் எவ்வளவு இறங்கின என்பதில் உள்ள வித்தியாசம்தான் உங்கள் திட்டத்தின் பலன். 12 பேரை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, இரண்டு மூன்று வருடக் குழுக்களைச் சேர்த்துப் பாருங்கள். ரொம்ப மோசமான நிலையில் இருப்பவரைக் குலுக்கலில் சேர்க்காதீர்கள். அவர் நேராகத் தனி ஆலோசனைக்குப் போகட்டும்.

உதவிப் பேராசிரியர், இயந்திரவியல்
படிவமே எதுக்கு சார்? அரியர் குறைஞ்சுதா, அதைப் பாருங்க. பதற்றம்ங்கிறது உடம்பு சமாச்சாரம். தினமும் 10 நிமிஷம் மூச்சுப்பயிற்சி கொடுத்தா முடிஞ்சுது.

உளவியல் ஆய்வாளர், சென்னை
அரியரையும் பார்க்கத்தான் வேண்டும், அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஒரு செமஸ்டர் வினாத்தாள் சுலபமாக வந்தால் எல்லோருக்கும்தான் குறையும். அதே தாளை எழுதிய காத்திருப்புக் குழுவோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். மூச்சுப்பயிற்சி விஷயத்தில் பாதிதான் சரி. நெஞ்சு படபடப்பது ஒன்று, ‘போச்சு, ஃபெயில்தான்’ என்று மனசு ஓடுவது வேறொன்று. லீபர்ட்டும் மாரிஸும் 1967-லேயே இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். மதிப்பெண்ணைக் கூடுதலாகப் பாதிப்பது இரண்டாவது. மூச்சு முதலாவதை அடக்கும். இரண்டாவதுக்கு வேறு பயிற்சி வேண்டும்.

குழுப் பயிற்சியாளர், கோவை
அந்த வேறு பயிற்சியைச் சொல்கிறேன். மூன்றாவது அமர்வை வகுப்பறையில் வைக்காதீங்க, பரீட்சை ஹாலிலேயே வையுங்க. பழைய வினாத்தாள், 20 நிமிஷம், கடிகாரம் ஓடட்டும். முதல் கேள்வியே தெரியாததா இருக்கணும். பேனா நின்ற இடத்தில், மனசில் ஓடின வாக்கியத்தை ஓரத்தில் அப்படியே எழுதச் சொல்லுங்க. ஒரு பிள்ளை ‘அப்பா கடன் வாங்கிக் கட்டின ஃபீஸ்’னு மட்டும் எழுதியிருந்தாள். எழுதினதும் ஒரு நீண்ட மூச்சு வெளியே, அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, தெரிஞ்ச கேள்விக்குப் போகணும். இதை நாலைந்து தடவை செய்தால்தான் கைக்கு வரும்.

குழு கலைவது பெரும்பாலும் இந்த வாரத்தில்தான். ரெக்கார்டு நோட்டு சமர்ப்பிக்கும் நாளும் அதே வாரத்தில் வரும், மாலையில் வெச்சா காலேஜ் பஸ் போய்விடும். டைம்டேபிளுக்குள்ளேயே நேரம் கேட்டு வாங்குங்க.

ஒரு தந்தை
என் பொண்ணு நீட் எழுதப்போறா. அந்தப் படிவம் எங்க கிடைக்கும்? 3-க்கு மேல வந்தா டாக்டரைப் பார்க்கணுமா?

கல்லூரி ஆலோசகர், திருச்சி
ஐயா, அது நோயைக் கண்டுபிடிக்கிற படிவமில்லை, குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்க உதவுவது. பொண்ணு தூக்கமும் சாப்பாடும் விட்டிருந்தா எண்ணைப் பார்க்காம டாக்டர்கிட்ட கூட்டிப்போங்க.

மாணவர் நல அலுவலர், மதுரை
எனக்கு உறுத்துவது அந்தப் படிவத்தில் இல்லை, அதோடு சேர்த்துக் கொடுத்த, மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 படிவத்தில். வெள்ளிக்கிழமை மாலை தாள்களைக் கட்டி பீரோவில் பூட்டினாங்க. திங்கட்கிழமை பிரித்தபோது ஒரு தாளில் ஒன்பதாவது கேள்விக்கு ‘கிட்டத்தட்ட தினமும்’ என்ற கட்டத்தில் டிக். இறந்துபோவது நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. அந்தப் பையன் இருந்தான், வகுப்புக்கு வந்திருந்தான். ஆனாலும் மூன்று நாள் அந்தத் தாள் பூட்டிக் கிடந்தது. கடைசித் தாள் வாங்கியதும் அங்கேயே ஒன்பதாவது கேள்வியை மட்டும் புரட்டுங்க. டிக் இருந்தால் அன்றைக்கே தனியாகப் பேசணும், மனநல மருத்துவருக்கு வழி தயாராக இருக்கணும், அரசின் மனநல உதவி எண் 14416 பிள்ளை கையில் இருக்கணும்.

உதவிப் பேராசிரியர், இயந்திரவியல்
அந்தக் கேள்வி இல்லாத எட்டுக் கேள்விப் படிவமும் இருக்கே? ஆள் பலம் இல்லாத கல்லூரிக்கு அதுதானே பாதுகாப்பு?

மாணவர் நல அலுவலர், மதுரை
கல்லூரிக்குப் பாதுகாப்பு. அந்தப் பையனுக்கா?

உளவியல் ஆய்வாளர், சென்னை
இதில் நான் உதவிப் பேராசிரியர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன் சார். பதில் வந்த அன்றே பார்க்க ஆளில்லை என்றால், கேட்டுவிட்டுப் பூட்டி வைப்பது இன்னும் மோசம். ஆலோசகர் இருக்கிற நாளில் மட்டும், காலையில், ஒரு வகுப்பாகக் கொடுங்கள்.