நாலரை நிமிஷப் பாட்டுக்கு 180 படம் போடலாமோ?

வெள்ளவத்தைப் பிள்ளை: அப்பா அம்மாவின்ர 40ஆவது கலியாண நாளுக்கு ஹோலில போட வீடியோ செய்யிறன். 180 படம் சேர்ந்திட்டுது. பாட்டு ஒண்டுதான், நாலரை நிமிஷம். எல்லாத்தையும் போடலாமோ?

கொட்டாஞ்சேனைக்காரன்: தாராளமாப் போடலாம். படத்துக்கு ஒன்றரை வினாடி வருது. தாளம் விழுற இடத்தில படம் மாறினாச் சரி. எங்கட பள்ளிக்கூடப் பிரியாவிடைக்கு அப்பிடித்தான் செய்தம், பெடியள் எழும்பி நிண்டு கத்தினவங்கள்.

கலியாண எடிட்டர்: தம்பி, தாளத்துக்கு வெட்டுறது நல்ல வேலைதான். ஆனா உங்கட பெடியளுக்கு அந்த முகமெல்லாம் முதலே தெரியும். கலியாண நாளில முன்வரிசையில இருக்கிறது பெரியாக்கள். பழைய குடும்பப் படம் வந்தா "இது ஆர், பக்கத்தில நிக்கிறது ஆர்" எண்டு தேடுவினம். அதுக்கு ஆறு வினாடியாவது வேணும். தனி முகத்துக்கு மூண்டு போதும்.

தங்கச்சி, உங்களிட்ட 270 வினாடி இருக்கு. கலியாணமும் முதல் பத்து வருஷமும் 20 படம், ஆறு ஆறு வினாடி: 120. மிச்சம் 150 வினாடிக்கு மூண்டு மூண்டா 50 படம். மொத்தம் 70.

ஒரு இடத்தில கவனம். படங்கள் ஒண்டுக்குள்ள ஒண்டு கரைஞ்சு மாறுற மாதிரி ஒரு வினாடி வைச்சா, கனக்க ஆப்புகளில அந்த வினாடி ரெண்டு படத்துக்கும் பொதுவாப் போயிடும். 70 படத்துக்கு நடுவில 69 மாற்றம். படமெல்லாம் முடிஞ்சு திரை கறுத்த பிறகும் பாட்டு ஒரு நிமிஷத்துக்கு மேல ஓடும். அப்பிடி நடந்தா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வினாடி கூட்டுங்கோ, சரியா வந்து பொருந்தும்.

தெஹிவளை ரீச்சர்: பாட்டை யோசிச்சுப் போடுங்கோ பிள்ளை. நாங்கள் போன வருஷ பிரியாவிடை வீடியோவை ஃபேஸ்புக்கில ஏத்தினம், சத்தத்தை நிப்பாட்டிப் போட்டாங்கள்.

கலியாண எடிட்டர்: அது நெட்டில ஏத்தினாத்தான் ரீச்சர். இவ பென்டிரைவில கொண்டுபோய் ஹோலில போடப் போறா.

வெள்ளவத்தைப் பிள்ளை: அண்ணா, 110 படத்தை விட்டா பெரியம்மாக்கள் சித்தப்பாக்கள் கோவிப்பினம். மாமா கனடாவில இருந்து வட்ஸ்அப்பில அனுப்பினதும் அதுக்குள்ள இருக்கு.

கலியாண எடிட்டர்: மிச்சத்தைப் பாட்டில்லாமத் தனி வீடியோவாச் செய்து, ஆக்கள் வந்து இருக்கிற நேரமும் சாப்பாட்டு நேரமும் சுத்திச் சுத்தி ஓட விடுங்கோ. தங்கட படத்தைப் பார்க்க அவையே திரைக்குக் கிட்ட வருவினம். மாமாவிட்டத் திரும்பக் கேளுங்கோ, டொக்யுமென்டா அனுப்பச் சொல்லி. சும்மா படமா அனுப்பினா வட்ஸ்அப் சுருக்கிப்போடும். போனில வடிவாத்தான் தெரியும், ஹோல் திரையில முகம் கலங்கும்.

கொட்டாஞ்சேனைக்காரன்: அண்ணை, பிந்தின 50 படத்துக்கு மூண்டு வினாடி கூட. பேரப்பிள்ளையளின்ர பிறந்தநாள் படமெல்லாம் ரெண்டுக்கு ஓடலாம். இன்னும் 25 படம் உள்ள வரும்.

கலியாண எடிட்டர்: பேரப்பிள்ளையளின்ர படத்துக்கு ஒத்துக்கொள்ளுறன். ஆனா கடைசிப் படத்துக்கு எட்டு வினாடி விடோணும், அதில கை வைக்காதேங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரன்: எட்டு நீளம் அண்ணை. சனம் கைதட்டி முடிஞ்சிடும்.