உதவி: இணை ஆய்வாளரின் பயோஸ்கெட்ச் மட்டும் ஏற மறுக்கிறது

மாறன்: அவசரம். ஆய்வு நிதி விண்ணப்பத்தில் என் பயோஸ்கெட்ச், அதாவது ஆய்வாளர் விவரப் படிவம், ஏறிவிட்டது. இணை ஆய்வாளருடையது மட்டும் பிழை காட்டுகிறது. எல்லாம் நிரப்பித்தான் இருக்கிறது. பங்களிப்புப் பகுதியில் ஏதும் தப்பா? நாளை மாலை கடைசி.

செல்வி: எந்த நிதி அமைப்பு? கோப்பை உருவாக்கியது யார், அவரா நீங்களா?

தணிகை: ஒவ்வொரு பங்களிப்பும் அரைப் பக்கம், அதன் கீழே நான்கு கட்டுரைகள்தான். தாண்டியிருப்பீர்கள்.

பழைய ஆள்: அது அமெரிக்க மருத்துவ ஆய்வு நிதி அமைப்பான என்.ஐ.எச்.-இன் பழைய படிவம், தம்பி. 2026 ஜனவரி 25 முதல் அங்கேயும் கணக்கு வேறு: ஐந்து பங்களிப்புகள், ஒவ்வொன்றும் 2000 எழுத்துக்குறிக்குள். அமைப்பின் பெயரே சொல்லாத கேள்விக்கு இப்படித்தான் பதில் வரும்.

மாறன்: மன்னிக்கவும், அமெரிக்க அறிவியல் நிதி அமைப்பான என்.எஸ்.எஃப். அவர் பயணத்தில் இருப்பதால் சி.வி. வாங்கி, பயோஸ்கெட்ச் உருவாக்கும் தளமான SciENcv-இல் என் கணக்கிலேயே நிரப்பினேன். பிறகு ஓர் எழுத்துப்பிழையை பி.டி.எஃப்.பில் திருத்திச் சேமித்தேன்.

செல்வி: இரண்டு இடத்தில் சிக்கல். SciENcv தரும் பி.டி.எஃப்.பை அப்படியே ஏற்ற வேண்டும். திருத்திச் சேமித்தாலோ, அச்சிடும் வழியாக மறுபடி பி.டி.எஃப். ஆக்கினாலோ சான்றளிப்பு போய்விடும். அதைவிடப் பெரியது, உள்ளே இருப்பதெல்லாம் உண்மை என்று சான்றளிக்க வேண்டியவர் அவர். உங்கள் கணக்கில் செய்ததால் "Certified by" என்ற வரியில் உங்கள் பெயர் இருக்கும், பாருங்கள். அவர் தன் கணக்கில் உங்களைப் பிரதிநிதியாகச் சேர்க்கட்டும். நீங்கள் நிரப்பலாம், சான்றளித்துப் பதிவிறக்குவது அவர் மட்டுமே. எழுத்துப்பிழையையும் அங்கேயே திருத்துங்கள்.

படைப்புகளையும் எண்ணுங்கள். திட்டத்தோடு நெருங்கியவை ஐந்து, மற்றவை ஐந்து. தரவுத்தொகுப்பு, மென்பொருள், காப்புரிமை எல்லாம் சேரும். வெளியீட்டுக்கு இன்னும் அனுப்பாத கையெழுத்துப் பிரதி சேராது.

கயல்: எனக்கும் இதே படிவம்தான். மாணவர் பயிற்சி, பட்டறைகளை எங்கே எழுதுவது? அந்தக் கட்டமே இல்லை.

செல்வி: 2024 மே முதல் அது தனி ஆவணம். ஒரு பக்கம், ஐந்து எடுத்துக்காட்டுகள் வரை.

தணிகை: மாறன், சம்பளமில்லாத கௌரவப் பதவிகளை நீக்கிவிடுங்கள், நீளம் குறையும்.

பழைய ஆள்: வேண்டவே வேண்டாம். ஊதியம் இல்லாவிட்டாலும், வெளிநாட்டுப் பதவியானாலும் எழுதியே ஆக வேண்டும். மறைத்தது தெரிந்தால் சான்றளித்தவர் தலையில்தான் விடியும். நீளத்துக்கு இப்போது பக்க வரம்பே இல்லை.

தணிகை: பெயருக்கு ஒரு அழைப்புக் கடிதம், போனதே இல்லை. அதுவுமா பதவி?

பழைய ஆள்: கடிதத்தில் பதவிப் பெயர் இருந்தால் பதவிதான்.

செல்வி: அவ்வளவு நேர்கோடு இல்லை. ஒரு நாள் உரைக்கான அழைப்பை யாரும் பதவி என்று எழுதுவதில்லை. சந்தேகமிருந்தால் நிறுவனத்தின் ஆய்வு நிதி அலுவலகத்தைக் கேட்பதே சரி.

பழைய ஆள்: உரையை யார் சொன்னார்கள்? விருந்தினர் பேராசிரியர் என்று கடிதம் இருந்தால்?

மாறன்: "Certified by"-யில் என் பெயரேதான். அவர் விமான நிலையத்திலிருந்தே சான்றளித்தார், ஏறிவிட்டது. இன்னும் அனுப்பாத கட்டுரை ஒன்றையும் எடுத்தோம். நன்றி.

தணிகை: கௌரவப் பதவியை என்ன செய்தீர்கள்?