உதவி: 506 ஆர்பிஎம் வர வேண்டிய இடத்தில் 445தான் வருகிறது, வி-பெல்ட் கணக்கில் எங்கே தவறு?

கட்டர்_கேள்வி:
சிறிய பிளாஸ்டிக் கட்டர் இயந்திரம். 1 ஹெச்பி மோட்டார், பெயர்ப்பலகையில் 1440 ஆர்பிஎம். பிளேடு ஷாஃப்ட் லோடில் 500 சுற்ற வேண்டும். மோட்டாரில் 63 மிமீ புல்லி, கட்டரில் 178 மிமீ புல்லி, இரண்டும் ஏ செக்‌ஷன், ஒற்றைக் காடி. அளவுகள் வெர்னியரில் வெளிவிட்டம் பார்த்து எடுத்தவை.

டாக்கோமீட்டரில் பார்த்தது: லோடு இல்லாமல் மோட்டார் 1490, கட்டர் 490. துண்டுகளைப் போட்டு ஓட்டும்போது மோட்டார் 1430, கட்டர் 445. என் கணக்குப்படி 1430 × 63 / 178 = 506. கிட்டத்தட்ட 60 சுற்று காணாமல் போகிறது. 12 சதவீதம் ஸ்லிப் ஆகுமா?

மையத் தூரம் 400 மிமீ என்று வைத்து, சூத்திரத்தில் போட்டு 1187 மிமீ வந்தது. அதை 25.4-ஆல் வகுத்து ஏ-47 பெல்ட் வாங்கினேன். மோட்டார் பேஸ் ஸ்லாட்டில் 380 முதல் 420 வரை நகர்த்தலாம். இப்போது 420-இல் முட்டி நிற்கிறது.

ஸ்பேனர்12:
பெல்ட் லூஸ் பிரதர், வேற ஒண்ணுமில்ல. நல்லா டைட் பண்ணுங்க, 506 வந்துடும். அப்பவும் வழுக்கினா பி செக்‌ஷன் பெல்ட் போடுங்க, அகலம் ஜாஸ்தி, பிடிப்பும் ஜாஸ்தி.

கட்டர்_கேள்வி:
அதைத்தான் சொன்னேனே, ஸ்லாட் முடிந்துவிட்டது. இன்னும் இழுக்க இடமில்லை.

சுழல்விசை:
ஸ்பேனர் சொன்னதில் பாதி சரி. பெல்ட் தளர்வாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு இறுக்கினாலும் 506 வராது. இங்கே இரண்டு தவறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் வேகம். வி-பெல்ட் புல்லியின் வெளிவிளிம்பு விட்டத்தில் ஓடுவதில்லை. பெல்ட்டுக்குள் இழுவையைத் தாங்கும் நூல் அடுக்கு இருக்கிறதே, அது ஓடும் விட்டம்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். அதைத்தான் பிட்ச் விட்டம் என்கிறோம். ஏ செக்‌ஷன் காடியில் அது விளிம்பிலிருந்து பக்கத்துக்கு 3 மிமீ அளவுக்கு உள்ளே இருக்கும். ஆகவே உங்கள் 63 உண்மையில் 57, உங்கள் 178 உண்மையில் 172. இரண்டிலும் 6 மிமீதான் குறைகிறது, ஆனால் சின்ன புல்லிக்கு அது பத்தில் ஒரு பங்கு, பெரியதற்கு முப்பதில் ஒரு பங்கு. விகிதம் இப்படித்தான் சாய்கிறது.

இப்போது உங்கள் அளவீடுகளைத் திரும்பப் பாருங்கள். லோடு இல்லாமல் 1490 × 57 / 172 = 494. நீங்கள் பார்த்தது 490. ஸ்லிப் ஒரு சதவீதம்கூட இல்லை. லோடில் 1430 × 57 / 172 = 474. பார்த்தது 445. அதாவது உண்மையான ஸ்லிப் 6 சதவீதம். இறுக்கம் சரியாக இருக்கும் வி-பெல்ட்டில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம்தான் இருக்க வேண்டும். காணாமல் போன 60-இல் பாதிக்கு மேல் கணக்கில் போனது, மீதிதான் பெல்ட்டில் போனது.

நம்ப முடியவில்லை என்றால், மெயின் ஸ்விட்சை அணைத்து, சாக்பீஸால் இரண்டு புல்லியிலும் குறி போட்டு, மோட்டார் புல்லியைக் கையால் சரியாக 30 சுற்று சுற்றுங்கள். கையால் சுற்றும்போது ஸ்லிப் இருக்காது. வெளிவிட்டம் சரி என்றால் கட்டர் 10 சுற்றைத் தாண்டி இன்னொரு அரைச் சுற்றுக்கும் மேல் போக வேண்டும். பிட்ச் விட்டம் சரி என்றால் 10-க்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கும்.

கட்டர்_கேள்வி:
சுற்றிப் பார்த்தேன். 10-க்குக் கொஞ்சம் முன்னால் குறி நிற்கிறது. சரி, வேகம் புரிந்துவிட்டது. ஆனால் பெல்ட் ஏன் தளர்வு? நீளத்தை அதே 400-க்குத்தானே கணக்கிட்டேன்?

சுழல்விசை:
அதுதான் இரண்டாவது தவறு. ஏ-47 என்ற எண்ணில் உள்ள 47 அங்குலம் பெல்ட்டின் உள்பக்க நீளம். சூத்திரம் தருவதோ பிட்ச் நீளம். ஏ செக்‌ஷனில் பிட்ச் நீளம் உள்நீளத்தைவிட ஏறக்குறைய 33 மிமீ அதிகம். தயாரிப்பாளரைப் பொறுத்து அட்டவணையில் 30 முதல் 36 வரை இருக்கும்.

உங்கள் புல்லிகளின் பிட்ச் விட்டத்தை வைத்துப் போட்டால் 400 மையத் தூரத்துக்கு 1168 மிமீ வேண்டும். ஏ-47-இன் பிட்ச் நீளம் 1194 + 33 = 1227. பெல்ட் 59 மிமீ நீளம். நீளத்தில் உள்ள அதிகப்படியில் பாதி மையத் தூரத்தில் வரும், ஆகவே மோட்டார் 429-க்குப் போனால்தான் தளர்ச்சியே தீரும். அதற்கு மேல்தான் இறுக்கம் ஏறத் தொடங்கும். உங்கள் ஸ்லாட் 420-இல் முடிகிறது. வெளிவிட்டத்தில் வந்த பிழையும் உள்நீளத்தில் வந்த பிழையும் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டன.

1168-இலிருந்து 33 கழித்தால் 1135, அங்குலத்தில் 44.7. ஏ-45 போட்டால் உடனடியாக ஓடும், லோடில் 465 வரும். ஆனால் அதோடு விட்டுவிடச் சொல்ல மாட்டேன். 57 மிமீ பிட்ச் விட்டம் ஏ பெல்ட்டுக்கு மிகச் சிறியது, குறைந்தது 75 வேண்டும். பெல்ட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், குறுக்கே மெல்லிய வெடிப்புகள் விழுந்திருந்தால் அதற்குக் காரணம் இந்தச் சின்ன வளைவுதான். அதோடு, புல்லி சிறிதானால் பெல்ட்டின் வேகம் குறையும். அதே 1 ஹெச்பியைக் கடத்த அதிக விசையில் இழுக்க வேண்டும். 57-இல் சுமார் 176 நியூட்டன், 80-இல் 125. லோடு ஏறியதும் வழுக்குவதில் இதற்கும் பங்கு உண்டு.

பி பெல்ட் யோசனை வேண்டாம். அது ஏ காடிக்குள் முழுதாக இறங்காது, மேலே ஏறி நின்று விளிம்பில் தேயும். முறையாக பி புல்லியே போட்டாலும் அதற்குக் குறைந்தது 125 மிமீ வேண்டும், வளைய மறுக்கும் பெல்ட் அது.

ஸ்பேனர்12:
சரிங்க. ஆனா புது பெல்ட் எதுக்கு? வெளியிலிருந்து ஒரு பேரிங்கை வெச்சு பெல்ட்டை அமுக்கினா போதாதா?

சுழல்விசை:
இறுகும். ஆனால் பெல்ட் எதிர்த்திசையில் வளையும், ஏற்கெனவே சின்ன புல்லியில் அவதிப்படும் பெல்ட் அது. பெல்ட் நீளத்தைச் சரிசெய்ய வழி இருக்கும்போது அந்த பேரிங் தேவையில்லை. கட்டாயம் வேண்டுமென்றால், தளர்ந்த பக்கத்தில் உள்ளிருந்து வெளியே தள்ளுமாறு, பெரிய புல்லிக்கு அருகில் ஒரு காடிப் புல்லியை வையுங்கள்.

மூன்றுபடி:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட டிரில் மெஷின்ல மூணு படி புல்லி. நடுப் படியில பெல்ட் லூஸா இருக்கு, ஓரப் படிகள்ல சரியா இருக்கு. இதே 33 மிமீ பிரச்சினையா?

சுழல்விசை:
இல்லை. பெல்ட் ஒன்றேதான், ஆகவே 33 எல்லாப் படிக்கும் ஒன்றுதான். சூத்திரத்தின் கடைசிப் பகுதியில் இரு விட்டங்களின் வித்தியாசம் இருக்கிறது. நடுப் படியில் இரண்டும் சமமானால் அது பூச்சியம், ஓரத்தில் கூடும். 400 மையத் தூரத்தில் 100 மிமீ வித்தியாசத்துக்கு நீளத்தில் 6 மிமீதான் மாறும், அதாவது மோட்டாரை 3 மிமீ நகர்த்தினால் தீரும். அதற்கு மேல் தளர்ந்தால் புல்லியை யாரோ மாற்றியிருக்கலாம், படிகளை அளந்து தனி இழை போடுங்கள்.

கட்டர்_கேள்வி:
அப்படியானால் 500-க்கு எந்த புல்லிகள்? பெரிய புல்லியின் மூடிக்குள் மையத்திலிருந்து 120 மிமீதான் இடம்.

லேத்_மேசை:
90-உம் 250-உம் போடுங்க. புல்லி பெரிசா இருந்தா பெல்ட்டுக்கு நிம்மதி.

சுழல்விசை:
90, 250 நல்ல ஜோடிதான், வேகமும் பொருந்தும். ஆனால் 250 பிட்ச் என்றால் வெளிவிட்டம் 256, ஆரம் 128. அவர் மூடியில் இடிக்கும். அடுத்த ஜோடி 80-உம் 224-உம், இரண்டும் பிட்ச் விட்டம். 224-இன் வெளி ஆரம் 115, மூடிக்குள் 5 மிமீ இடைவெளி மிஞ்சும்.

வேகம்: 1430 × 80 / 224 = 511. ஸ்லிப்புக்கு 2 சதவீதம் கழித்தால் 500. நீளத்துக்கு இதுதான், D, d இரண்டும் பிட்ச் விட்டம்:

```
L = 2C + 1.57(D + d) + (D - d)^2 / (4C)
L = 800 + 477 + 13 = 1290
```

33 கழித்தால் 1257, அங்குலத்தில் 49.5. நடுவில் வந்து மாட்டிக்கொண்டது. ஏ-49 போட்டால் மையம் 393-க்கு வரும், பெல்ட்டை மாட்டுவதற்கு உள்ளே 13 மிமீதான் இடம். புல்லி விளிம்பில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றத் தோன்றும், அப்படி ஏற்றும் பெல்ட்டில் உள்நூல் அறுந்துபோகும். ஏ-50 என்றால் மையம் 406. மாட்ட உள்ளே 26 மிமீ, பின்னால் இறுக்க வெளியே 14 மிமீ. பெல்ட் 2 சதவீதம் நீண்டாலும் சமாளிக்கும். ஏ-50 வாங்குங்கள்.

இறுக்கம்: இரண்டு புல்லிக்கும் நடுவே பெல்ட்டை ஒன்று, ஒன்றரை கிலோ எடை அளவுக்கு அழுத்தினால் 6 மிமீ அளவு உள்ளே போக வேண்டும். அரை மணி ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள், புது பெல்ட் காடியில் உட்கார்ந்து கொஞ்சம் தளரும்.

லேத்_மேசை:
அதெல்லாம் சரி, ஆனா இது கட்டர். துண்டு மாட்டினா அடி அடியா லோடு விழும். 80 புல்லியில ஒத்தை பெல்ட் தாங்குமா?

சுழல்விசை:
நியாயமான கேள்வி. 80 மிமீ புல்லியில் இந்த வேகத்துக்கு, எல்லாத் திருத்தமும் போக, ஒரு ஏ பெல்ட் 0.9 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். மோட்டார் 0.75. சீரான லோடு என்றால் தாராளம். அடிவிழும் லோடுக்கு 1.3 மடங்கு வைத்தால் 0.98 கேட்கிறது, ஒற்றை பெல்ட் தோற்கிறது. இரட்டைக் காடி போட்டால் கவலையில்லை. பெல்ட் இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே தயாரிப்பாளரிடம், ஜோடியாக வாங்க வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் புதியது மட்டும் இழுக்கும்.

லேத்_மேசை:
என் கணக்குல மோட்டாரே அடிக்கு அடங்கிடும், பெல்ட் வழுக்கினா பிளேடுக்கு அது பாதுகாப்பு. ஒத்தையே போதும்னு நினைக்கிறேன்.

சுழல்விசை:
வழுக்கும் ஒவ்வொரு முறையும் காடிச் சுவர் பளபளப்பாகி அடுத்த முறை இன்னும் எளிதாக வழுக்கும். பாதுகாப்புக்கு ஓவர்லோடு ரிலே இருக்கிறது. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

கட்டர்_கேள்வி:
மோட்டார் ஷாஃப்ட் நீளம் 40 மிமீ. இரட்டைக் காடி ஏ புல்லி எவ்வளவு அகலம்?

சுழல்விசை:
35 மிமீ. மோட்டார் பக்கம் அடங்கும். கட்டர் பக்கம் பேரிங் வீட்டிலிருந்து ஷாஃப்ட் முனை வரை அளந்து சொல்லுங்கள், சாவிக் காடியின் நீளத்தையும் சேர்த்து.

கட்டர்_கேள்வி:
அங்கே 31தான் இருக்கிறது. இப்போதைக்கு ஒற்றைக் காடி 80, 224, ஏ-50. லோடில் 490-க்குக் கீழே இறங்கினால் கட்டர் ஷாஃப்டை மாற்றுவதா, மூடியைப் பெரிதாக்கி 250 போடுவதா என்று கேட்டு மறுபடி வருகிறேன்.