செப்டிக் டேங்க் பாடம்: தேக்க நேரமா, தங்கு நேரமா?

கயல்விழி: நண்பர்களே, தொழிற்பயிற்சிப் பாடம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கழிவுநீர் தொட்டிக்குள் இருக்கும் காலத்தைத் ‘தேக்க நேரம்’ என்று எழுதியிருந்தேன். தொட்டி நிரம்ப ஆகும் காலம் என்று மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள். வேறு சொல் வேண்டும்.

அருளப்பன்: தேங்கு தன்வினை, தேக்கு பிறவினை. நீர் தேங்குகிறது, தொட்டி தேக்குகிறது. ஆனால் என் பரிந்துரை ‘உறைகாலம்’. உறைதல் என்றால் தங்கி வாழ்தல். ‘வான்உறையும் தெய்வத்துள்’ என்கிறது குறள்.

ரஹீம்: ஐயா, உறைகாலம் என்றால் கொத்தனாருக்குச் சிமென்ட்டுதான் நினைவுக்கு வரும். அதோடு, இந்தத் தொட்டியில் நீர் தேங்குவதே இல்லை. எவ்வளவு உள்ளே வருகிறதோ, அவ்வளவு மறுபக்கம் வெளியேறும். இடையில் ஒரு நாளாவது தங்கினால்தான் கசடு அடியில் படியும். ஆண்டுக்கணக்கில் கிடப்பது கசடு மட்டுமே. ஆகவே ‘தங்கு நேரம்’.

10 பேர், ஆளுக்கு நாளுக்கு 100 லிட்டர் என்று வைத்தால், ஒரு நாள் தங்க 1000 லிட்டர் இடம் வேண்டும். கசடு ஆளுக்கு ஆண்டுக்கு 40 லிட்டர் என்று கொண்டு, 3 ஆண்டுக்கு ஒருமுறை அள்ளினால் இன்னும் 1200. மொத்தம் 2200 லிட்டர், அதாவது 2.2 கன மீட்டர். உள்ளளவு நீளம் 2.1, அகலம் 0.9, நீர் ஆழம் 1.2 மீட்டர் என்றால் 2.27 வரும். சரியாக இருக்கும்.

செந்தில்: அப்படியானால் நீர் ஆழத்துக்குப் பதில் தொட்டியின் மொத்த உயரம் 1.5 மீட்டரை வைத்து, நீள அகலத்தைக் குறைத்துவிடலாமே? கொள்ளளவு அதேதானே.

ரஹீம்: பெருக்கல் சரி, உயரம்தான் தவறு. நீர் வெளியேறு குழாயின் அடிவிளிம்பு வரைதான் நிற்கும். மேலே உள்ள 0.3 மீட்டர் காற்றுக்கும் மிதக்கும் ஏட்டுக்கும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மாலதி: எங்கள் வீட்டில் குளியல் நீர் தனியாகப் போகிறது. ஆனாலும் உறிஞ்சுகுழி அடிக்கடி அடைக்கிறது. தொட்டி சிறியதா?

ரஹீம்: மேடம், கடைசியாக எப்போது கசடு அள்ளினீர்கள்? அள்ளாமல் விட்டால் கசடு நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன தொட்டியில் கசடு 1700 லிட்டர் ஆனால் நீருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 570. தங்கு நேரம் அரை நாள்தான். கசடு படியாமல் உறிஞ்சுகுழிக்குப் போய் அடைக்கும். நீண்ட கழியில் வெள்ளைத் துணி சுற்றி, மூடி வழியாக அடி வரை இறக்கி, சற்று நேரம் கழித்து எடுங்கள். கறுப்பாக நனைந்த உயரம்தான் கசடு. நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே அள்ளச் சொல்லுங்கள். உள்ளே யாரும் இறங்கக் கூடாது. நச்சு வாயு இருக்கும்.

அருளப்பன்: ‘தங்கு நேரம்’ விடுதி வாடகை போல ஒலிக்கிறது. நாள்கணக்கை நேரம் என்பதும் பொருந்தாது. ‘தங்கு காலம்’ என்றாவது வையுங்கள்.

செந்தில்: ஐயா, பல தொட்டிகளுக்கு 24 மணி என்றுதானே கணக்கிடுகிறோம். நேரமே இருக்கட்டும்.

கயல்விழி: மூவர் தங்கு நேரத்துக்கு. அப்படியே அனுப்புகிறேன். கசடுக்கு ஒதுக்கும் இடத்தைத் தனி வரியாகப் போட்டுவிட்டேன். அதற்கு ‘கசடு இருப்பு’ போதுமா?

அருளப்பன்: இருப்பு வேண்டாம். ‘வண்டல் கொள்ளிடம்’. காரணம் நாளை எழுதுகிறேன்.