கலைச்சொல் வேண்டும்: பயண வ்லாகில் 'நரேட்டிவ் ஆர்க்'

கடலூர் முதுநகரிலிருந்து:

வணக்கம். வீடியோ எடிட்டிங் வகுப்புக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறேன், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். போன ஊர்களை வரிசையாகக் காட்டிக்கொண்டே போகும் வ்லாக் ஒரு வகை. ஏதோ ஒன்றைத் தேடிக் கிளம்பி, நடுவில் முட்டி மோதி, நினைக்காத இடத்தில் போய் முடிவது இன்னொரு வகை. இரண்டாவதில் இருக்கும் அந்த அமைப்புக்கு 'கதைவளைவு' என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு பையன் படித்துவிட்டு, "எந்தக் கட்சிக்காரங்க கட்டின வளைவு சார்?" என்கிறான். வேறு சொல் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து:

இதற்குக் 'கொக்கி' போதுமே சார். இருப்பதிலேயே நல்ல ஷாட்டை முதல் 15 நொடியில் வைத்தால் ஆள் நகர மாட்டான். என் வீடியோக்களில் அப்படித்தான் செய்கிறேன்.

நெல்லித்தோப்பிலிருந்து:

தம்பி, கொக்கி மீனைப் பிடிக்கும், கரைக்கு இழுப்பது தூண்டில் நூல்தானே. நாம் பெயர் தேடுவது நூலுக்கு.

என் கதையையே சொல்கிறேன். புதுச்சேரியில் ஒரே நாளில் எடுத்த 18 நிமிட வீடியோ. கடற்கரைச் சாலையில் சூரிய உதயம், அப்புறம் அருங்காட்சியகம், அப்புறம் சாப்பாடு, அப்புறம் அரிக்கமேடு, அப்புறம் சுண்ணாம்பாற்றில் படகு. ஒவ்வொரு இடத்தின் பெயரும் திரையில் வரும்போதெல்லாம் பார்வையாளர் எண்ணிக்கையைக் காட்டும் கோடு ஒரு படி இறங்கியிருந்தது. இறங்காதா பின்னே, முந்தைய இடம் முடிந்துவிட்டது, கிளம்பலாம் என்று நானே சொல்லி அனுப்புகிறேனே.

அப்புறம் ஒவ்வொரு காட்சியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரையில் பரப்பினேன். இரண்டு சீட்டுக்கு நடுவில் 'அப்புறம்' தவிர வேறு சொல் பொருந்தவில்லை என்றால் அது டைரி. 'ஆனால்', 'அதனால்' வந்தால்தான் கதை நகர்கிறது. பார்த்தால், கதை அரிக்கமேட்டில்தான் இருந்தது. ரோமானியச் சரக்கு வந்து சேர்ந்த இடத்தைப் பார்க்கப் போகிறேன். ஆனால் அங்கே மாமரங்களும் இரண்டு செங்கல் சுவர்களும்தான். அந்தச் சுவர்கூட ரோமானியர் காலத்தது இல்லை, 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய குழிகளை மண் மூடிவிட்டது. அதனால் 'இந்த இடம் எப்படி இருக்கும்' என்று போனவளுக்கு 'இங்கே கிடைத்ததெல்லாம் எங்கே போயிற்று' என்று கேள்வியே மாறிவிடுகிறது. அதனால் அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னச் சின்ன மணிகள், மது வந்த சாடியின் உடைசல்கள். காலையில் அதே பெட்டியை நாலு நொடியில் தாண்டிப் போயிருக்கிறேன்.

அந்தக் கேள்வி மாறுகிற இடம்தான் ஆர்க். அது இல்லாமல் எத்தனை கொக்கி போட்டாலும் பட்டியல்தான்.

பண்ருட்டியிலிருந்து:

அப்படியானால் முதலில் அரிக்கமேடு போய்விட்டு அருங்காட்சியகம் வருவதுதான் சரியான ரூட்டா? அடுத்த வாரம் குடும்பத்தோடு வருகிறோம், பஸ்ஸில்தான்.

முதுநகரிலிருந்து:

பண்ருட்டி அண்ணே, எந்த வழியாகப் போனாலும் சரி, பேச்சு எடிட்டிங் மேசையில் அடுக்குவது பற்றி. ஆனால் உங்கள் கேள்வியிலிருந்து எனக்கு ஒன்று தோன்றுகிறது. அக்கா, காலையில் பார்த்த அருங்காட்சியகத்தை மாலையில் பார்த்த மாதிரி வைத்தீர்களா? அது பொய் இல்லையா?

நெல்லித்தோப்பிலிருந்து:

வைத்தேன், ஆனால் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது, வெயில் விழும் பக்கமே காட்டிக் கொடுத்துவிடும். வீட்டில் உட்கார்ந்து குரல் சேர்த்தேன்: "இந்தப் பெட்டியைக் காலையிலேயே பார்த்துவிட்டேன், என்னவென்று புரியாமலே." அந்த ஒரு வரியில் கதைக்கு வேண்டியதும் கிடைத்தது, நேர்மையும் தப்பியது. நிஜமாக வலித்தது படகுக் காட்சியை வெட்டியதுதான். அவ்வளவு அழகான ட்ரோன் ஷாட்! சீட்டை எங்கே வைத்தாலும் 'அப்புறம்' மட்டும்தான் ஒட்டியது.

சொல்லுக்கு வருகிறேன். 'தேடலோட்டம்' எப்படி?

முதுநகரிலிருந்து:

நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாப் பயணமும் தேடல் இல்லையே. தண்ணீரென்றால் பயப்படுகிற ஒருவர் பிச்சாவரத்தில் படகு ஏறுகிறார் என்று வையுங்கள், அவர் எதையும் தேடவில்லை. 'கதையோட்டம்' என்றால் கதை சொல்லும் வேகம் என்று எடுத்துக்கொள்வார்கள். 'கதைத்திருப்பம்' ஒரு புள்ளியை மட்டும் சொல்கிறது. இப்போதைக்குக் குறிப்பில் டைரி வகைக்கு 'ஊர்வரிசை' என்று போட்டுவிட்டேன், அதில் யாருக்கும் சண்டை இருக்காது. மற்றதற்குத் 'தேடலோட்டம்', பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

லாஸ்பேட்டையிலிருந்து:

அக்கா, வெள்ளி கடற்கரையில் எடுத்த என் வீடியோவுக்குச் சீட்டு எழுதிப் பார்த்தேன். பதினோரு சீட்டு, பத்து 'அப்புறம்'. கொக்கியாக வைத்த ஷாட்டையும் சேர்த்துத்தான்.