டிஸ்லைக் வரும்போதெல்லாம் பிராம்ப்டைத் திருத்தினேன், பதில்கள் இன்னும் மோசமாகின்றன

கற்பூரம் (ரோஸ் ஹில், மொரீஷியஸ்)
வணக்கம். எங்கள் பூஜைப் பொருள் கடையின் சாட்பாட், காவடிக்கு வேண்டிய சாமான், விலை, டெலிவரி பற்றிப் பதில் சொல்கிறது. ஒவ்வொரு பதிலுக்கும் கீழே லைக், டிஸ்லைக் பட்டன் உண்டு. டிஸ்லைக் விழுந்த ஒவ்வொரு முறையும் பிராம்ப்டில் ஒரு வரி சேர்த்தேன். இப்போது "நீளமாக எழுதாதே", "எந்த விவரத்தையும் விடாதே" என்று 14 வரிகள் ஆகிவிட்டன. போன வாரம் 200 பதிலுக்கு 12 டிஸ்லைக், இந்த வாரம் 200-க்கு 18. எந்த வரி கெடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாட்ஸ்வர்த்காரர் (டர்பன்)
அக்கா, நீங்கள் சொன்ன அந்த இரண்டு வரியுமே ஒன்றோடொன்று மோதுகின்றன. பதினான்கையும் அழித்துவிட்டுப் பழைய பிராம்ப்டுக்கே போங்கள். 12 என்பது 18 ஆனதே புதியது கெட்டது என்பதற்குச் சான்று.

முருங்கைக்கீரை (போர்ட் லூயி)
வரிகள் மோதுவது உண்மை. ஆனால் 12, 18 எதற்கும் சான்று ஆகாது தம்பி. 200 பதிலில் இந்த அளவு ஏற்ற இறக்கம் தற்செயலாகவே வரும். அதோடு காவடி நெருங்கும் வாரத்தில் கேள்விகளே மாறிவிடும்: "நாளைக்குள் வருமா" என்று பதறுகிறவர் எந்தப் பதிலுக்கும் டிஸ்லைக் போடுவார். ஒரே கேள்விகளைப் பழைய பிராம்ப்டிலும் புதியதிலும் ஓட்டினால்தான் ஒப்பிட முடியும்.

அதற்கு முன்னால், அக்கா, லாகில் என்ன சேமிக்கிறீர்கள்? பட்டன் அழுத்தியது மட்டும் இருந்தால் பயன் இல்லை. இவ்வளவும் வேண்டும்:

```json
{"prompt_version": "v14",
 "history": ["..."],
 "context": ["..."],
 "answer": "...",
 "vote": "down",
 "reason": "wrong_language"}
```

இதில் `context` முக்கியம். சாட்பாட்டுக்கு அந்த நேரத்தில் எந்த விலைப்பட்டியல் போனது என்று தெரியாமல், தவறு பிராம்ப்டிலா பட்டியலிலா என்று பிரிக்கவே முடியாது. இருக்கும் டிஸ்லைக் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்து, காரணத்தை ஒரு சொல்லில் குறியுங்கள். அதுவரை பிராம்ப்டைத் தொடாதீர்கள்.

ரெயூனியன் தம்பி (சேன் தெனி)
எங்கள் சாட்பாட்டில் யாரும் பட்டனையே அழுத்துவதில்லை. பட்டனைப் பெரிதாக்கினால் கற்பூரம் அக்காவுக்கும் சரியாகுமா?

முருங்கைக்கீரை
அவர்களுக்கு அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள் தம்பி, காரணம்தான் தெரியவில்லை. உங்களுக்கு வேறு வழி: ஒருவர் அதே கேள்வியை வேறு சொற்களில் மறுபடி கேட்டிருக்கும் உரையாடல்களைத் தேடிப் படியுங்கள். பட்டன் அழுத்தாதவர்களின் டிஸ்லைக் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கற்பூரம்
இதுவரை வந்த 96 டிஸ்லைக்கையும் படித்தேன். நல்லவேளையாக `context` லாகில் இருந்தது. 38 பழைய விலைப்பட்டியலால் வந்தவை. 21-இல் பதில் சரிதான், "ரோத்ரீக் தீவுக்கு டெலிவரி இல்லை" போன்றவை, கேட்டவருக்குப் பிடிக்கவில்லை. 17-இல் கிரியோலில் கேட்டதற்குப் பிரெஞ்சில் பதில். 9 மிகச் சுருக்கம். 11-க்குக் காரணம் புரியவில்லை.

முருங்கைக்கீரை
அப்படியானால் பிராம்ப்டால் வந்தவை மொழி 17, சுருக்கம் 9, ஆக 26தான். 38-க்குப் பட்டியலைப் புதுப்பியுங்கள். "விலையைத் தவறாகச் சொல்லாதே" என்று எத்தனை வரி எழுதினாலும் பழைய விலைதான் வரும். முதலில் மொழியை மட்டும் எடுங்கள். "பயனரின் மொழியில் பதில் சொல்" என்றால் கிரியோலைப் பிரெஞ்சு என்று எடுத்துக்கொள்கிறது. `eski`, `zot`, `ki` போன்ற சொற்களை அடையாளமாகச் சொல்லி, ஒரு கேள்வியும் கிரியோல் பதிலும் மாதிரியாகக் கொடுங்கள். பிறகு அந்த 17 கேள்விகளோடு, லைக் வாங்கிய கேள்விகளையும் சேர்த்து ஓட்டுங்கள். ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் பதில் மாறலாம், அதனால் ஒவ்வொன்றையும் 3 முறை.

சாட்ஸ்வர்த்காரர்
சரியாக இருந்த 21-ஐ விட்டுவிடுவதா? எனக்கு ஒப்பவில்லை. "இல்லை" என்று நிறுத்தாமல் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல வைக்கலாமே.

முருங்கைக்கீரை
நல்ல யோசனை, ஆனால் கடை உண்மையில் தரும் மாற்று வழி `context`-இல் இருந்தால் மட்டும். இல்லையென்றால் இல்லாத கப்பல் சேவையைச் சாட்பாட்டே உருவாக்கிவிடும்.

கற்பூரம்
14 வரியையும் எடுத்துவிட்டு மொழி வரியை மட்டும் சேர்த்தேன். 17 கேள்வி, 3 முறை, ஆக 51 பதிலில் கிரியோலில் வந்தவை முன்பு 9, இப்போது 46. ஆனால் லைக் வாங்கியவற்றில் 4 பிரெஞ்சுக் கேள்விகளுக்கு இப்போது கிரியோலில் பதில் வருகிறது! மாதிரியாகக் கொடுத்தது கிரியோல் ஒன்றுதான் என்பதால் இருக்கலாம் என்று பிரெஞ்சு மாதிரி ஒன்றும் சேர்த்தேன். 4-இல் 3 சரியானது. மீதமுள்ள ஒன்றில் பாதி பிரெஞ்சு, பாதி கிரியோல். அதற்கு எந்த மொழியில் பதில் சொல்ல வேண்டும் என்று கடைக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?