சக ஊழியருக்கு எழுதும் மின்னஞ்சலில் வசனத்துக்கு வசனம் ‘சேர்’ போடலாமா?

உவர்மலைப் பொடியன்: திருகோணமலையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கொழும்புக் கிளையில் என் தரத்திலேயே உள்ள ஒருவருக்கு ‘ரெஸ்பெக்டட் சேர்’ என்று தொடங்கி, ஒவ்வொரு வசனத்திலும் ‘சேர்’ போட்டு ஆங்கிலத்தில் எழுதினேன். முகாமையாளர் அதை மாற்றச் சொல்கிறார். மரியாதை கூடினால் என்ன குற்றம்?

தம்பலகாமத்தார்: ஒரு குற்றமும் இல்லை, தம்பி. நமது கந்தோர்களில் வெறும் பெயரைப் போட்டு எழுதிய பிள்ளையைத் தலைக்கனம் பிடித்தவன் என்று சொன்னதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

நிலாவெளியான்: இது வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற அடிமைப் பழக்கம். அவர்களே தங்களுக்குள் ‘சேர்’ போடுவதில்லை, எங்குமே விட்டுவிடுங்கள்.

கிண்ணியா ஆங்கில ஆசிரியை: அப்படி முழுவதுமாகச் சொல்ல முடியாது. சக ஊழியர்களுக்கிடையே அவர்கள் போடுவதில்லை என்பது சரி. ஆனால் படைகளிலும் பாடசாலைகளிலும் போடுகிறார்கள், ஆளைத் தெரியாத கடிதத்தில் ‘டியர் சேர்’ என்றும் எழுதுகிறார்கள்.

தம்பி, நாம் ஏன் இத்தனை ‘சேர்’ போடுகிறோம் என்று பாருங்கள். தமிழில் ‘அனுப்பு’, ‘அனுப்புங்கள்’ என்று மரியாதை வினையிலேயே தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘சென்ட்’ ஒன்றுதான் என்பதால், ஏதோ குறைகிறதென்று பயந்து ‘சேர்’ ஒட்டுகிறோம். ‘ப்ளீஸ் சென்ட் த வவுச்சர்ஸ் டுடே சேர்’ என்பதில் ‘சேர்’ இருந்தும் அது கட்டளைதான். ‘குட் யூ சென்ட் த டூ வவுச்சர்ஸ் பை ஃபோர்? ஐ நீட் தெம் டு க்ளோஸ் த மந்த்’ என்று கேள்வியாகக் கேட்டு, நேரத்தையும் காரணத்தையும் சொன்னால், அந்த மரியாதை ‘சேர்’ இல்லாமலே வந்துவிடும். தொடக்கத்தில் ‘டியர் மிஸ்டர்’ என்று அவர் பெயரை எழுதி, ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று முடியுங்கள். ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ என்பது ‘டியர் சேர்’ கடிதத்துக்கு உரியது.

மூதூர் பொறியியலாளர்: எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதி ‘ரெஸ்பெக்டட் சேர்’ என்றே தொடங்குகின்றன, நான் பெண். கீழே என் முழுப் பெயர் இருந்தும் அதைப் பார்க்காமலே எழுதுகிறார்கள். இதைத்தானே முதலில் திருத்த வேண்டும்?

கிண்ணியா ஆங்கில ஆசிரியை: உங்கள் குறை நியாயமானது, தங்கச்சி, ஆனால் தம்பி கேட்டது வேறு. அவருக்கு ஆளைத் தெரியும். தெரிந்த ஆளுக்குப் பெயர் இருக்கிறது.

தம்பலகாமத்தார்: கேள்வியாகக் கேட்பது நல்ல யோசனை, டீச்சர், நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தரம் ஒன்றானாலும் வயதில் இருபது வருடம் மூத்தவரை ‘மிஸ்டர்’ என்று எழுத எனக்குக் கை வராது. முதல் வரியில் ஒரு ‘சேர்’ இருக்கத்தான் வேண்டும்.

கிண்ணியா ஆங்கில ஆசிரியை: முதல் வரியில் ஒன்றே ஒன்று என்றால் நான் மறுக்க மாட்டேன், ஐயா. ‘ரெஸ்பெக்டட்’ மட்டும் வேண்டாம். நமது பகுதிக்கு வெளியே உள்ளவர்களுக்கு அது விண்ணப்பக் கடிதம் போலத் தெரியும்.

உவர்மலைப் பொடியன்: அவரும் எனக்கு ‘சேர்’ போட்டுத்தான் பதில் எழுதுகிறார். நான் முதலில் நிறுத்தினால் அவர் மனம் நோகாதா?

தம்பலகாமத்தார்: நோகும்.

கிண்ணியா ஆங்கில ஆசிரியை: ஒருமுறை தொலைபேசியில் பேசிவிட்டு, அதற்கடுத்த மின்னஞ்சலில் பெயரைப் போட்டுப் பாருங்கள், தம்பி.